கடன் தவணைச் சூத்திரம் பெருக்குத் தொடரிலிருந்து எப்படி வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஎம்ஐ சூத்திரம் பார்க்கவே பயமாக இருக்கிறது. மனப்பாடம் செய்யாமல் நானே வருவித்துக்கொள்ள எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒரே ஒரு மாதத்தில் கடன் கணக்கில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் போதும். மாதத் தொடக்கத்தில் ஒரு நிலுவை இருக்கிறது. மாதம் முழுவதும் அந்த நிலுவைக்கு வட்டி ஏறுகிறது. மாதக் கடைசியில் நாம் தவணை கட்டுகிறோம், நிலுவை அவ்வளவு குறைகிறது. இதற்கு மேல் கணக்கில் வேறு எந்த விதியும் கிடையாது.

வாங்கிய கடனை P என்றும், ஒரு மாத வட்டி வீதத்தை r என்றும், தவணைகளின் எண்ணிக்கையை n என்றும், நாம் தேடும் மாதத் தவணையை E என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1% வட்டி என்றால் r = 0.01. இதைச் சதவீதமாக எழுதாமல் தசமமாகவே எழுதுங்கள், பின்னால் நிறையக் குழப்பம் குறையும். 1 + r அடிக்கடி வரும் என்பதால் அதற்கு q என்று பெயர் வைத்துவிடலாம். இப்போது மேலே சொன்ன விதி இவ்வளவுதான்:

```
புதிய நிலுவை = பழைய நிலுவை × q − E
```

இதையே n முறை செய்த பிறகு நிலுவை சரியாகப் பூஜ்யமாக வேண்டும். அப்படி ஆக்கும் E எதுவோ அதுதான் தவணை. சூத்திரம் இந்த வாக்கியத்துக்கான விடை மட்டுமே.

இதில் பெருக்குத் தொடர் எங்கே வருகிறது? வட்டி போடுகிறோம், கழிக்கிறோம், அவ்வளவுதானே?

அதையே மூன்று மாதம் சுருக்காமல் எழுதிப் பாருங்கள்.

```
முதல் மாத முடிவில்:     Pq − E
இரண்டாம் மாத முடிவில்:  (Pq − E)q − E = Pq² − Eq − E
மூன்றாம் மாத முடிவில்:  (Pq² − Eq − E)q − E = Pq³ − Eq² − Eq − E
```

மூன்றாவது வரியில் கண்ணை நிறுத்துங்கள். நாம் ஒரே தொகையைத்தான் மூன்று முறை கட்டினோம், ஆனால் அந்த மூன்று E-களும் ஒரே மதிப்பில் இல்லை. முதல் மாதம் கட்டியது q² ஆல் பெருகியிருக்கிறது, இரண்டாவது q ஆல் பெருகியிருக்கிறது, கடைசியாகக் கட்டியது அப்படியே இருக்கிறது. காரணம் எளிது. முதலில் கட்டிய பணம் அடுத்த இரண்டு மாத வட்டியை ஏறவிடாமல் தடுத்தது. நேற்றுக் கட்டிய பணத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு தவணையும் தனக்கு அடுத்ததைவிட q மடங்கு அதிக வேலை செய்கிறது, அதனால்தான் பொது விகிதம் q கொண்ட பெருக்குத் தொடர் தானாகவே உருவாகிறது.

n மாதங்களுக்கு எழுதினால்:

```
Pqⁿ − E(1 + q + q² + … + qⁿ⁻¹) = 0
```

அடைப்புக்குள் முதல் உறுப்பு 1, கடைசி உறுப்பு qⁿ⁻¹. மொத்தம் n உறுப்புகள், ஆனால் அடுக்கு n−1 இல் நின்றுவிடுகிறது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன, பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்.

சரி, அந்த அடைப்புக்குள் இருப்பதை ஒரே உறுப்பாக எப்படிச் சுருக்குவது? 240 உறுப்புகளை யார் கூட்டுவது?

தொகையை S என்று எழுதி, அதற்குக் கீழே அதன் q மடங்கை எழுதுங்கள்.

```
S  = 1 + q + q² + … + qⁿ⁻¹
qS =     q + q² + … + qⁿ⁻¹ + qⁿ
```

கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது qⁿ − 1 மட்டுமே. இடப்பக்கத்தில் qS − S = (q − 1)S. நம் கணக்கில் q − 1 என்பது r தானே. ஆக:

```
S = (qⁿ − 1) / r
```

இதை முந்தைய சமன்பாட்டில் வைத்தால் E = Pqⁿ / S, அதாவது

```
E = P · r · (1 + r)ⁿ / ((1 + r)ⁿ − 1)
```

வங்கிகளின் இணையதளங்களில் இருக்கும் சூத்திரம் இதுதான். மேலே உள்ள (1 + r)ⁿ என்ன என்று இப்போது பார்த்தாலே தெரியும். அது எதுவும் கட்டாமல் விட்டிருந்தால் கடன் எவ்வளவு மடங்கு ஆகியிருக்கும் என்பது, அதாவது பள்ளியில் படித்த அதே கூட்டு வட்டி. கீழே உள்ளதும் மேலே உள்ள r உம் சேர்ந்து S இலிருந்து வந்தவை. சூத்திரத்தை மறந்தாலும், Pqⁿ ஐ S ஆல் வகுக்க வேண்டும் என்பது நினைவிருந்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப வந்துவிடலாம்.

P ஒரு பெருக்கலாக மட்டுமே நிற்பதையும் கவனியுங்கள். கடன் இரட்டிப்பானால் தவணையும் சரியாக இரட்டிப்பாகும். அதனால் ஒரு அலகுக் கடனுக்கான எண்ணை r, n வாரியாக அட்டவணை போட்டுவிட்டால் எந்தக் கடனுக்கும் அதைப் பெருக்கிக்கொள்ளலாம். கணிப்பொறி வருவதற்கு வெகு காலம் முன்பே, 1582 இல், கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் இது போன்ற வட்டிக் கணக்குகளுக்கான அட்டவணைகளை ஆண்ட்வெர்ப் நகரில் அச்சிட்டு வெளியிட்டார்.

எண்களைப் போட்டு ஒரு முறை முழுதாகக் காட்டுங்களேன்.

கையாலேயே சரிபார்க்க முடிகிற சிறிய கணக்காக எடுத்துக்கொள்வோம். கடன் 1,00,000, மாத வட்டி 1%, மூன்று தவணைகள்.

q = 1.01, q² = 1.0201, q³ = 1.030301. எனவே S = 1 + 1.01 + 1.0201 = 3.0301. குறுக்கு வழியில் பார்த்தாலும் 0.030301 / 0.01 = 3.0301, ஒத்துப்போகிறது. Pq³ = 1,03,030.10. இதை 3.0301 ஆல் வகுத்தால் E = 34,002.21.

இப்போது சூத்திரத்தை மறந்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போல மாதம் மாதமாக நடந்து பார்ப்போம்.

முதல் மாத வட்டி 1,000. தவணையில் மீதி 33,002.21 அசலுக்குப் போகிறது. நிலுவை 66,997.79.

இரண்டாம் மாத வட்டி 669.98. அசலுக்கு 33,332.23. நிலுவை 33,665.56.

மூன்றாம் மாத வட்டி 336.66. அசலுக்கு 33,665.55. நிலுவை 0.01.

அந்தக் கடைசி 0.01 தவறு அல்ல, இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக்கொண்டதால் வந்த சில்லறை. நடைமுறையில் கடைசித் தவணையில் அதைச் சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள். எந்தத் தவணைக் கணக்கு கையில் வந்தாலும் இப்படி நிலுவையைக் கடைசி வரை நடத்திப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை என்பது என் உறுதியான எண்ணம். சூத்திரத்தை இரண்டாம் முறை தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, அதே தவறு திரும்ப வரும்.

வேறொரு இடத்தில் E = P·r / (1 − (1 + r)⁻ⁿ) என்று பார்த்தேன். அது வேறு சூத்திரமா?

இல்லை. நம் சூத்திரத்தின் மேலும் கீழும் (1 + r)ⁿ ஆல் வகுத்தால் அதுவே வந்துவிடும். ஆனால் அது வந்த வழி வேறு, அந்த வழியும் தெரிந்திருப்பது நல்லது.

நாம் எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டோம். அதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் கடன் வாங்கிய நாளுக்குக் கொண்டுவந்தும் ஒப்பிடலாம். ஒரு மாதம் கழித்து வரும் E இன் இன்றைய மதிப்பு E/q. இரண்டு மாதம் கழித்து வருவதற்கு E/q². இவற்றின் கூட்டுத்தொகை இன்று கையில் வாங்கிய P க்குச் சமமாக வேண்டும். இதுவும் பெருக்குத் தொடர்தான், பொது விகிதம் மட்டும் 1/q. முதல் உறுப்பு 1 அல்ல, 1/q என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் தவணை ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறது. கூட்டினால் P = E(1 − q⁻ⁿ)/r.

தவணை மாறவே இல்லை, ஆனால் முதல் சில வருடங்கள் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. வட்டியை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்களா?

யாரும் எதையும் முன்கூட்டி எடுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த மாத நிலுவைக்கான வட்டியை மட்டுமே எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் நிலுவை பெரியது, அதனால் வட்டியும் பெரியது. இது வரை எல்லோரும் சொல்வார்கள். இதற்குள்ளே இன்னொரு பெருக்குத் தொடர் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் பிடிபடும்.

மேலே போட்ட மூன்று மாதக் கணக்குக்குத் திரும்புங்கள். அசலுக்குப் போன தொகைகள் 33,002.21, 33,332.23, 33,665.55. அடுத்தடுத்ததை வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.01 மடங்கு. இது தற்செயல் அல்ல. இந்த மாதம் அசலில் A அளவு குறைந்தால், அடுத்த மாத வட்டி rA அளவு குறையும். தவணை மாறாததால் அந்த rA அப்படியே அடுத்த மாத அசல் பங்கில் போய்ச் சேரும். ஆக அடுத்த மாத அசல் பங்கு A + rA, அதாவது qA.

அப்படியானால் அசல் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெருக்குத் தொடர், அவற்றின் மொத்தம் P. முதல் மாத அசல் பங்கு E − rP. தொடரின் கூட்டலைப் போட்டால்:

```
(E − rP) · (qⁿ − 1) / r = P
E = rP + rP / (qⁿ − 1)
```

இதைச் சுருக்கினால் பழைய சூத்திரமே வருகிறது. ஆனால் எனக்கு இந்த வடிவம்தான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தவணை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முதல் துண்டு rP, அது முதல் மாத வட்டி, கடன் வளராமல் அதே இடத்தில் நிற்க வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம். இரண்டாவது துண்டுதான் முதல் மாதம் அசலைத் தொடுகிறது. இந்தச் சிறு துண்டு மாதம் q மடங்காக வளர்ந்து வளர்ந்து கடைசியில் முழுக் கடனையும் அடைக்கிறது.

நீண்ட கடனில் பார்த்தால் இது எவ்வளவு மெதுவான வளர்ச்சி என்று தெரியும். கடன் 1,00,000, ஆண்டு வட்டி 9%, அதாவது r = 0.0075, 240 மாதங்கள். (1.0075)²⁴⁰ கிட்டத்தட்ட 6.009. தவணை 899.73. அதில் முதல் மாத வட்டி 750, அசலுக்குப் போவது 149.73 மட்டுமே. இந்த 149.73 மாதம் 0.75% வீதம் வளர்கிறது. k மாதங்களில் அடைந்திருக்கும் அசல்:

```
149.73 · (1.0075ᵏ − 1) / 0.0075
```

இது 50,000 ஆவது எப்போது? 1.0075ᵏ சுமார் 3.5045 ஆக வேண்டும். மடக்கை எடுத்தால் k = 167.8. அதாவது 168 ஆவது தவணையில்தான், 14 ஆண்டுகள் முடியும்போதுதான், பாதி அசல் அடைகிறது. மீதிப் பாதி கடைசி 6 ஆண்டுகளில் போய்விடுகிறது. பெருக்குத் தொடரின் பாரம் கடைசி உறுப்புகளில்தான் இருக்கும் என்பது இங்கே பணமாகத் தெரிகிறது.

தொடக்கத்தில் கூடுதலாகக் கட்டும் தொகைக்கு அதிக பலன் என்று சொல்வதன் கணக்கும் இதுவே. முதல் மாதம் கூடுதலாகக் கட்டிய x, கடைசித் தவணை நாளில் நிலுவையை x·qⁿ⁻¹ அளவு குறைத்திருக்கும். மேலே உள்ள கடனில் அது x போல ஏறக்குறைய 5.96 மடங்கு.

தவணை பாரமாக இருக்கிறது. காலத்தை நீட்டிக்கொண்டே போனால் தவணையும் குறைந்துகொண்டே போகுமா?

குறையும், ஆனால் rP க்குக் கீழே ஒருபோதும் போகாது. E = rP + rP/(qⁿ − 1) என்பதில் n எவ்வளவு பெரிதானாலும் முதல் துண்டு அசையாது, இரண்டாவது துண்டு மட்டுமே பூஜ்யத்தை நோக்கி நகரும்.

அதே 9% கடனை 20 ஆண்டிலிருந்து 30 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 899.73 இலிருந்து 804.62 ஆகும். பத்து ஆண்டு கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டதற்கு மாதம் 95 தான் மிச்சம். இதற்கு மேல் இன்னும் எவ்வளவு நீட்டினாலும் 750 க்கு மேலேயே நிற்கும். தவணை சரியாக 750 என்றால் கடன் என்றைக்கும் அப்படியே இருக்கும், அதற்கும் குறைவாகக் கட்டினால் மாதா மாதம் வளரும்.

ஆண்டு வட்டி 12% என்றால் மாத வட்டிக்கு 12 ஆல் வகுப்பதா, இல்லை 12 ஆம் மூலம் எடுப்பதா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இது கணிதக் கேள்வி அல்ல, ஒப்பந்தத்தில் 12% என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்ற கேள்வி. மாதத் தவணைக் கடன்களில் பரவலாக உள்ள வழக்கம் 12 ஆல் வகுத்து r = 0.01 என்று எடுப்பது. அப்படிச் செய்தால் உண்மையில் ஆண்டுக்கு ஏறுவது 12.68%, ஏனென்றால் 1.01¹² = 1.1268. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து உண்மையாகவே 12% என்று சொல்லியிருந்தால் 12 ஆம் மூலம் எடுக்க வேண்டும், அப்போது r = 0.009489 வரும்.

1,00,000 கடனை 12 மாதங்களில் அடைக்க முதல் முறையில் தவணை 8,884.88, இரண்டாவது முறையில் 8,856.21. இந்த அளவு வித்தியாசம் கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது r ஐத்தான்.

நான் கணக்கிட்ட தவணை மற்றவர்கள் சொல்வதோடு பொருந்தவில்லை. எங்கே தவறியிருப்பேன்?

வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் விடை சரியாக 1 + r மடங்கு குறைவாக இருந்தால், தொடரை ஒரு படி தள்ளி எழுதிவிட்டீர்கள். அதாவது 1 + q + … + qⁿ⁻¹ க்குப் பதிலாக q + q² + … + qⁿ என்று கூட்டியிருக்கிறீர்கள். மூன்று மாதக் கணக்கில் இப்படிச் செய்தால் 34,002.21 க்குப் பதிலாக 33,665.56 வரும். அதை வைத்து மாத முடிவில் கட்டி நிலுவையை நடத்தினால் மூன்றாம் மாதக் கடைசியில் சுமார் 1,020 பாக்கி நிற்கும். ஆனால் இந்த விடை எல்லாச் சூழலிலும் தவறு என்று சொல்ல முடியாது. தவணையை மாதக் கடைசியில் அல்லாமல் மாதத் தொடக்கத்திலேயே, முதல் தவணையைக் கடன் கொடுத்த அன்றே, கட்ட வேண்டும் என்றால் சரியான தொடர் அதுதான். எனவே முதல் தவணை எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வந்தால், ஆண்டு வட்டியை மாத வட்டி இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருப்பீர்கள், அல்லது 1% ஐ 0.01 என்று எழுதாமல் 1 என்று எழுதியிருப்பீர்கள். விரிதாளில் `=PMT(0.01,12,-100000)` என்று கொடுத்தால் 8884.88 வர வேண்டும். வராவிட்டால் முதல் இரண்டு எண்களும் ஒரே கால அளவில், இரண்டும் மாதத்தில், இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில்லறை அளவு வித்தியாசம் என்றால் அது முழு எண்ணாக்கியதால் வந்தது. இங்கும் அதே தொடர்தான் வேலை செய்கிறது. 8,884.8789 ஐ 8,885 என்று ஆக்கினால் மாதம் 0.1211 கூடுதலாகக் கட்டுகிறோம். 12 மாதத்தில் அது 12 மடங்காக அல்ல, S மடங்காக, அதாவது 12.68 மடங்காகச் சேர்ந்து சுமார் 1.54 ஆகும். எனவே கடைசித் தவணை 8,883.46 என்று குறைந்து முடியும்.

பிளாட் ரேட் 12% என்கிறார்கள். அதற்கும் இதே சூத்திரம்தானா?

அதில் பெருக்குத் தொடரே இல்லை. முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் தனிவட்டி போட்டு, அசலோடு கூட்டி, மாதங்களால் வகுத்துவிடுகிறார்கள். 1,00,000 க்கு ஓராண்டு வட்டி 12,000, மொத்தம் 1,12,000, தவணை 9,333.33. நீங்கள் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்த பிறகும் வட்டி முழுத் தொகைக்கே கணக்காகிறது. குறையும் நிலுவை முறையில் இதே 12% க்கு மொத்த வட்டி 6,618.55 தான்.

இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், 9,333.33 என்ற தவணை நம் சூத்திரத்தில் எந்த r க்கு வருகிறது என்று தேட வேண்டும். விடை மாதத்துக்குச் சுமார் 1.788%, ஆண்டுக்கு 21.46%. விளம்பரத்தில் உள்ள எண்ணைவிட இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தவணை தெரியும், மாதங்களையோ வட்டியையோ கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரத்தைத் திருப்பிப் போட முடியுமா?

மாதங்களுக்கு முடியும். P = E(1 − q⁻ⁿ)/r என்ற வடிவத்திலிருந்து q⁻ⁿ ஐப் பிரித்து மடக்கை எடுத்தால்:

```
n = −ln(1 − rP/E) / ln(1 + r)
```

E என்பது rP ஐவிடக் குறைவாக இருந்தால் அடைப்புக்குள் குறை எண் வந்து மடக்கை இல்லாமல் போகும். கடன் என்றைக்கும் அடையாது என்பதைக் கணிதம் அப்படிச் சொல்கிறது.

1,00,000 கடனுக்கு 1% வட்டியில் மாதம் 5,000 கட்டினால் n = 22.43. அதாவது 22 முழுத் தவணைகள், அப்புறம் ஒரு சிறு தவணை. அந்தச் சிறு தவணை 5,000 இல் 0.43 பங்கு என்று எடுத்துவிடாதீர்கள். 22 மாத முடிவில் நிலுவை 2,113.66, அதற்கு ஒரு மாத வட்டி சேர்த்து 2,134.79 கட்ட வேண்டும்.

வட்டிக்கு இப்படித் திருப்பிப் போடும் பொதுச் சூத்திரம் கிடையாது. r ஐத் தேடுவது n படி கொண்ட பல்லுறுப்புச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்குச் சமம். ஆனால் r கூடினால் E கூடிக்கொண்டே போகும் என்பதால் விடை ஒன்றே ஒன்றுதான், அதனால் தேடுவது சுலபம். மேலே சொன்ன 9,333.33 க்கே பாருங்கள். 1.5% என்றால் தவணை 9,168.00, குறைவு. 2% என்றால் 9,455.96, அதிகம். நடுவில் 1.75% போட்டால் 9,311.38, இன்னும் குறைவு. ஆக விடை 1.75 க்கும் 2 க்கும் இடையில். இப்படிப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டே போனால் 1.788 க்கு விரைவில் வந்துவிடலாம்.

வட்டியே இல்லாத கடனுக்கு r = 0 போட்டால் 0/0 வருகிறதே?

அங்கே q = 1. S இன் எல்லா உறுப்புகளும் 1 ஆகிவிடுவதால் S = n, தவணை P/n. கழித்துச் சுருக்கும்போது q − 1 ஆல் வகுத்தோம், அந்த ஒரு படிதான் q = 1 இல் செல்லாது. தொடர் நன்றாகவே இருக்கிறது.

நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. r பூஜ்யமாக இல்லாமல் மிகச் சிறியதாக இருந்தாலும் தொல்லை உண்டு. 1 க்கு மிக நெருங்கிய எண்ணிலிருந்து 1 ஐக் கழிக்கும்போது கணிப்பொறி இலக்கங்களை இழந்துவிடும். அதற்கென்றே உள்ள இரண்டு சார்புகளைப் பயன்படுத்தினால் போதும்:

```python
from math import expm1, log1p

def emi(P, r, n):
    if r == 0:
        return P / n
    return P * r / -expm1(-n * log1p(r))
```

`emi(100000, 0.01, 3)` என்று கொடுத்தால் 34002.21 வர வேண்டும். பிறகு r ஐ 0.0000000001 போல வைத்து ஓட்டிப் பாருங்கள், விடை P/3 க்கு ஒட்டியே நிற்க வேண்டும்.